ஆறு கட்டங்களில் ஒரு டிபன் பாக்ஸ்

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் சொந்தமாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வாஷர், நான்கு பக்கமும் க்ளிப். ரசம் ஊற்றி மூடிக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது. இதைச் சொல்ல முப்பது வினாடியில் ஒரு விளம்பரப் படம் வேண்டும், செல்போனில் பார்க்கும்படி நெட்டுவாக்கில் இருக்க வேண்டும் என்கிறார். கையில் பெரிய பணம் இல்லை. ஒரே நாளில், ஒரே வீட்டுச் சமையலறையில் எடுத்து முடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையில் கேமராவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஸ்டோரிபோர்டு. படத்தின் முக்கியத் தருணங்களை வரிசையாகக் கட்டம் கட்டி வரைந்து வைப்பது. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் கூடத்தில் கதையைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் குத்திவைத்துப் பேசும் வழக்கமாக இது உருப்பெற்றது. நம் நாட்டில் இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு சத்யஜித் ராய். கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்தவர் அவர். ‘பதேர் பாஞ்சாலி’க்கு வழக்கமான திரைக்கதைப் பிரதி இல்லாமல், காட்சிகளை மையில் வரைந்த ஓவியங்களையும் குறிப்புகளையும் வைத்தே தயாரிப்பாளர்களுக்குக் கதை சொன்னார்.

முப்பது வினாடிப் படத்துக்கு ஆறு கட்டங்கள் தாராளமாகப் போதும். சராசரியாக ஒரு கட்டத்துக்கு ஐந்து வினாடி. அதைவிட அதிகமாக வெட்டினால் பார்ப்பவர் முகத்தையும் பொருளையும் மனத்தில் பதித்துக்கொள்ள நேரம் இருக்காது. குறைத்தால் கதையில் ஒரு படி காணாமல் போகும். ஆறு படங்களை வரைவதில் பெரிய சிரமம் கிடையாது. ஆறிலும் அதே ஆள், அதே வீடு, அதே டப்பா என்று பார்ப்பவர் ஐயமில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும், சிரமம் அங்கேதான். நம் டிபன் பாக்ஸ் விஷயத்தில் இது அழகு சார்ந்த கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. ‘எதுவும் மாறவில்லை, ரசம் உள்ளேயே இருக்கிறது’ என்பதுதான் படம் சொல்லவரும் செய்தி. இரண்டாம் கட்டத்தில் மூடிய டப்பாவும் ஐந்தாம் கட்டத்தில் திறக்கும் டப்பாவும் கொஞ்சம் வேறுபட்டுத் தெரிந்தாலும் அந்தச் செய்தி அங்கேயே செத்துவிடும்.

கதையை முதலில் ஆறு வாக்கியங்களில் எழுதிக்கொள்ளலாம். காலைச் சமையலறையில் அப்பா மதிய உணவு கட்டுகிறார், எட்டு வயது மகள் பள்ளிச் சீருடையில் பின்னால் உட்கார்ந்து இந்திய வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா டப்பாவில் ரசம் ஊற்றி மூடி க்ளிப்புகளை அழுத்துகிறார். டப்பாவும் வரைபட நோட்டும் பள்ளிப் பையில் அக்கம்பக்கமாகப் போகின்றன. மகள் அவசரமாக இழுக்க, பை மேஜையிலிருந்து தலைகீழாகக் கீழே விழுகிறது. பையைத் திறந்தால் நோட்டு நனையவில்லை, டப்பாவைத் திறந்தால் ரசம் அப்படியே இருக்கிறது. மகள் கிளம்புகிறாள், திரையில் பொருளின் பெயர் வருகிறது.

நேரத்தைச் சமமாகப் பிரிக்கத் தேவையில்லை. முதல் கட்டத்துக்கு நான்கு வினாடி, இரண்டுக்கும் மூன்றுக்கும் ஐந்தைந்து, விழுவதற்கு நான்கு, திறந்து காட்டுவதற்கு எட்டு, முடிவுக்கு நான்கு. மொத்தம் முப்பது. சாட்சி சொல்லும் ஐந்தாம் கட்டத்துக்கே அதிக நேரம். அதை அவசரப்படுத்தினால் மற்ற ஐந்தும் வீண்.

இனி வரையும் வேலை. ஒரு ஏ-4 தாளில், அகலம் நாலரை சென்டிமீட்டர், உயரம் எட்டு சென்டிமீட்டர் என்று மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று கட்டங்கள் போட்டால் நெட்டுவாக்குத் திரையின் விகிதம் சரியாக வந்துவிடும். ஒவ்வொன்றின் அடியிலும் குறிப்பு எழுத மூன்று நான்கு சென்டிமீட்டர் இடம் விடலாம். ஆனால் கட்டத்துக்குள் உடனே வரையத் தொடங்கிவிடக் கூடாது. அதற்கு முன் வேறு இரண்டு தாள்கள் தயாராக வேண்டும்.

முதலாவது மாதிரித் தாள். அப்பாவையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று மூன்று கோணங்களில் வரைவது. முகம் அழகாக வர வேண்டும் என்பது இங்கே இரண்டாம்பட்சம். அளவு முக்கியம். வளர்ந்தவர் உயரம் அவர் தலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ ஏழரை மடங்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சுமார் ஆறு மடங்குதான், தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். இருவரும் நிமிர்ந்து நின்றால் மகளின் உச்சந்தலை அப்பாவின் மார்பளவுக்கு வரும். இதைக் கோடு போட்டுக் குறித்துவைக்காவிட்டால், ஒரு கட்டத்தில் இடுப்பளவுக் குழந்தையாகவும் அடுத்ததில் தோளளவுப் பெண்ணாகவும் வளர்ந்துவிடுவாள்.

பிறகு, ஒவ்வொருவருக்கும் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்படி இரண்டு மூன்று குறிகள் போதும். அப்பாவுக்குக் கண்ணாடி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, இடது தோளில் கோடு போட்ட துண்டு. மகளுக்கு இரட்டைப் பின்னல், அடர்ந்த நிற ரிப்பன், வலது மணிக்கட்டில் கயிறு. பத்துக் குறிகள் வைத்தால் பத்தையும் ஆறு தடவை நினைவில் வைக்க வேண்டும், நிச்சயம் ஒன்று விட்டுப்போகும். டப்பாவும் இந்தத் தாளில் ஒரு பாத்திரமாகவே இடம்பெற வேண்டும். நீளம் அகலத்தைப்போல எத்தனை மடங்கு, க்ளிப்புகள் எங்கே, கடையின் பெயர் எந்தப் பக்கம் பொறித்திருக்கிறது, அப்பாவின் கையில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதெல்லாம் உண்மையான டப்பாவை எதிரே வைத்து வரைய வேண்டியவை. விளம்பரம் வரைபவர்கள் பொருளைத் தம்மையறியாமல் பெரிதாக வரைந்துவிடுவது வழக்கம். படப்பிடிப்பில் அது சுருங்கித் தெரியும்போது கடைக்காரர் முகம் சுருங்கும்.

இரண்டாவது, அறையை மேலிருந்து பார்த்ததுபோன்ற தரைப்படம். இடது சுவரில் ஜன்னல். முன்புறம் அடுப்பு மேடை. அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேஜை. வலது பின்மூலையில் வாசல். நெட்டுவாக்குத் திரையில் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த இடம் இருக்காது, அதனால் அப்பா முன்னால் மேடையருகே, மகள் பின்னால் மேஜையில் என்று ஆழத்தில் நிறுத்துகிறோம். பை மேலிருந்து கீழே விழுவதும் நெட்டுவாக்குத் திரைக்கு மிகவும் பொருந்திய அசைவு. இந்தத் தரைப்படத்தில் கேமரா நிற்கும் இடங்களை 1 முதல் 6 வரை எண் போட்டுக் குறிக்கிறோம்.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே கற்பனையாக ஒரு கோடு இழுத்துக்கொண்டால், கேமரா எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மறுபக்கம் தாண்டினால் அப்பாவின் வலப்புறம் இருந்த மகள் இடப்புறம் வந்துவிடுவாள், ஜன்னலும் வாசலும் பக்கம் மாறிக்கொள்ளும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் வேறு வீட்டுக்கு வந்துவிட்டதுபோல ஒரு கணம் தடுமாறுவார். நான்கு வினாடிக் காட்சியில் ஒரு கணம் தடுமாறினால் பாதிக் காட்சி போய்விட்டது. வெளிச்சத்துக்கும் இதே சட்டம். காலை வெயில் இடது ஜன்னல் வழியே வருகிறது, ஆகவே எல்லாக் கட்டங்களிலும் நிழல் வலது பக்கம் விழ வேண்டும். டப்பாவை மட்டும் காட்டும் க்ளோஸ்-அப்பில்தான் இதைப் பலரும் மறக்கிறார்கள். அங்கே ஜன்னல் தெரியாது என்பதால் நிழலைத் தோன்றிய பக்கம் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டு தாள்களும் தயாரான பிறகு ஆறு கட்டங்களையும் வரையலாம். இங்கே நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒரு பழக்கம் உண்டு. இரண்டாம் கட்டத்தை முதல் கட்டத்தைப் பார்த்து வரையாதீர்கள், மூன்றாவதை இரண்டாவதைப் பார்த்து வரையாதீர்கள். ஒவ்வொரு முறையும் மாதிரித் தாளுக்கே திரும்பிப் போங்கள். ஒன்றைப் பார்த்து அடுத்ததை வரைந்துகொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் கடுகளவு மாற்றம் சேரும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஐந்துக்கும் ஆறுக்கும் தெரியாது. ஒன்றையும் ஆறையும் அருகே வைத்தால்தான் பின்னல் தோளிலிருந்து இடுப்புவரை நீண்டிருப்பதும், அப்பாவின் கண்ணாடி வட்டத்திலிருந்து சதுரமாகியிருப்பதும் கண்ணில் படும். பின்னணியை ஒருமுறை நன்றாக வரைந்து, பட்டர் பேப்பர் வைத்துப் பிரதியெடுத்துக்கொண்டால் சமையலறையும் நகராமல் நிற்கும்.

நம் படத்தின் முதல் வரைவில் என்னென்ன சிக்கல்கள் வருகின்றன என்று பார்ப்போம்.

ஆறாம் கட்டத்தில் கடைக்காரர் விரும்புவது இது: மேடையில் டிபன் பாக்ஸ் பளபளவென்று நிற்க வேண்டும், பின்னால் மகள் பையோடு வாசலைத் தாண்ட வேண்டும், மேலே பெயர் வர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டப்பா மகளின் பைக்குள் அல்லவா இருக்கிறது? மேடையில் நிற்பது எது? எழுத்தில் படித்தபோது யாருக்கும் தோன்றாத இந்தக் கேள்வி, ஐந்தையும் ஆறையும் வரைந்து அருகருகே பார்த்ததும் எழும். கவனிக்காமல் எடுத்திருந்தால், மகள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகிறாள் என்றுதான் பார்ப்பவர் நினைத்திருப்பார். இதற்குத் தீர்வு, அப்பாவுக்கும் ஒரு டப்பா. அலுவலகம் போகும் அவரும் அதே டப்பாவில்தான் உணவு கட்டுகிறார். அப்படியானால் முதல் கட்டத்திலேயே மேடையில் இரண்டு டப்பாக்கள் இருந்தாக வேண்டும், இரண்டாம் கட்டத்தில் ஓரத்தில் மற்றதன் விளிம்பு தெரிய வேண்டும். ஆறாம் கட்டத்துக்கான திருத்தம் ஒன்றாம் கட்டத்தில் போய் முடிகிறது. கூடுதலாகக் கடைக்காரருக்கு ஒரு லாபம், ஒரு வீட்டுக்கு இரண்டு டப்பா என்ற எண்ணமும் சொல்லாமலே போய்ச் சேர்கிறது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. முதல் வரைவில் நான்காம் கட்டம் நேரே நின்று பார்ப்பதுபோல இருந்தது: பை விழுகிறது, அப்பா “மெதுவா, கண்ணு!” என்று திரும்புகிறார். ஐந்தாவது கட்டம் மேலிருந்து: பை திறந்திருக்கிறது, கைகள் டப்பாவை எடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு வெட்டு. சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர், விழுந்தது ஒரு டப்பா, திறந்தது வேறொன்று என்று நினைக்க அந்த வெட்டு இடம் கொடுக்கிறது. சாட்சி சொல்லும் இடத்தில் வெட்டு இருக்கக் கூடாது. அதனால் இரண்டு கட்டங்களுக்கும் கேமராவை ஒரே இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைக்கிறோம். பை மேலிருந்து திரைக்குள் வந்து விழுகிறது. கேமரா நகராமல் காத்திருக்கிறது. அப்பா மகள் இருவரின் முழங்கால்களும் உள்ளே வந்து மண்டியிடுகின்றன. ஜிப் திறக்கிறது, முதலில் நோட்டு வெளியே வருகிறது, வண்ணம் தீட்டிய வரைபடம் காய்ந்தபடியே இருக்கிறது. பிறகு டப்பா, க்ளிப், மூடி, ரசம். ஸ்டோரிபோர்டில் இவை இரண்டு கட்டங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டு ‘வெட்டு இல்லை’ என்று எழுதிவைக்கிறோம். அந்த இரண்டு சொற்களும் இந்தப் படத்தின் உயிர் என்றே சொல்வேன்.

ரசம் எவ்வளவு இருந்தது என்பதற்கும் அடையாளம் வேண்டும். டப்பாவின் உள்சுவரில் பொதுவாக அழுத்திவிட்ட ஒரு வரை இருக்கும். இரண்டாம் கட்டத்தில் அந்த வரை வரை ஊற்றினால், ஐந்தாம் கட்டத்தில் அதே வரையில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி உடனே மூடாமல் வெதுவெதுப்பாக ஆறவிடுவது நல்லது. ஆவி லென்ஸில் படியும். தவிர, சூட்டோடு இறுக மூடிய டப்பா ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடி கவ்விக்கொள்ளும். திறக்கும் காட்சியில் நடிகர் மூடியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதை எல்லாம் உறைந்து நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாறியது மாறியபடியே தொடர வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ஜிப்பை மூடிவிட்டால் நான்கில் அது மூடித்தான் இருக்க வேண்டும். தரையில் விழுந்த பை ஆறாம் கட்டத்தில் புத்தம் புதிதாகத் தெரியக் கூடாது. இதற்காக ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஒரு வரியில் நிலைமையை எழுதுவார்கள்: மேடையில் எத்தனை டப்பா, மூடி திறந்தா மூடியா, நோட்டு எங்கே, துண்டு எந்தத் தோளில். படப்பிடிப்பு கட்ட வரிசைப்படி நடப்பதில்லை என்பதால் இந்த வரி இன்றியமையாதது. ஒன்றும் ஆறும் ஒரே இடத்தில் கேமரா வைத்து எடுக்க வேண்டியவை. ஜன்னல் வெளிச்சம் நகர்வதற்குள் இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நடுவில் உள்ள நான்கும் இன்னும் நடக்கவே இல்லை. பை விழுந்ததுபோலத் தூசி தடவி ஆறாவதை எடுக்க வேண்டும், முதலாவதில் தூசி இல்லாத பை வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பை வாங்கிவிடுவதே மலிவான வழி. ஆனால் நான்கிலும் ஐந்திலும் ஒரே பைதான்.

எல்லாம் வரைந்து முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். அடிக்குறிப்புகளை வெட்டி நீக்கிவிட்டு ஆறு படங்களையும் சீட்டுபோலக் கலைத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். தயங்கும் இடத்தில் படம் தெளிவாக இல்லை என்று பொருள். நம் படத்தில் ஒன்றும் ஆறும் குழம்பத்தான் வாய்ப்பு அதிகம், இரண்டும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பவை. மகள் மேஜையில் இருக்கிறாளா வாசலில் இருக்கிறாளா என்பது தூரத்திலிருந்தே தெரிந்தால் குழப்பம் தீரும். அடுத்து, கட்டங்களைச் செல்போனில் படமெடுத்து, எடிட்டிங் செயலியில் அந்தந்த வினாடிக்கு நிறுத்தி, வசனத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டிப் பார்க்கலாம். முப்பது வினாடியில் பேச்சு நாற்பது சொல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்தப் படத்துக்கு அப்பாவின் “மெதுவா, கண்ணு!”, மகளின் “அப்பா, மேப்பு!”, கடைசியில் “கவிழ்ந்தாலும் கசியாது” என்ற குரல், இவை மூன்றே போதுமென்பது என் கருத்து. ஐந்தாம் கட்டத்தின் எட்டு வினாடியில் க்ளிப் திறக்கும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது திரையின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். சமூக ஊடகச் செயலிகளில் அங்கே கணக்கின் பெயரும் பொத்தான்களும் மறைக்கும். டப்பாவை அதற்கு மேலே ஏற்றி வைக்க வேண்டும்.

ஸ்டோரிபோர்டால் முடியாததும் உண்டு. எட்டு வயதுக் குழந்தை இயல்பாகப் பதறுவாளா, எவர்சில்வரில் கேமராக்காரரின் உருவமே பிரதிபலித்துத் தொல்லை தருமா என்பதையெல்லாம் தாளில் பார்க்க முடியாது. அதற்கு எடுக்கப்போகும் சமையலறையிலேயே முந்தைய நாள் ஒருமுறை ஒத்திகை வேண்டும். அந்த ஒத்திகையில் பையை உண்மையாகவே கீழே போட்டுப் பாருங்கள், ஒரு தடவையல்ல, பல தடவை. இந்தியாவில் விளம்பரங்களுக்கு 1985 முதல் விளம்பரத் தர நிர்ணயக் குழுமத்தின் நெறிமுறை இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க வழிசெய்கிறது. வெறும் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, ரசம் ஊற்றிய வேறொன்றைத் திறந்து காட்டுவது அந்த வகையில் சேரும். ஒத்திகையில் ரசம் கசிந்தால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, முதலில் வாஷரை மாற்றும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.